ஸ்டாடிக்ஸ் ஸ்லைடிலிருந்து ஃப்ரீ பாடி டயகிராம்: எதை வரைவது, எந்தச் சமன்பாட்டை முதலில் எழுதுவது

ஸ்டாடிக்ஸ் ஸ்லைடுகளில் ஒரு பக்கத்தில் அமைப்பின் படம் இருக்கும், அடுத்த பக்கத்தில் அம்புக்குறிகளோடு தயாரான ஃப்ரீ பாடி டயகிராம் இருக்கும், அதற்கடுத்து மூன்று சமன்பாடுகள் வந்துவிடும். முதல் படம் எப்படி இரண்டாவதாக மாறியது, மூன்று சமன்பாடுகளில் ஏன் குறிப்பிட்ட ஒன்று முதலில் வந்தது என்ற இரண்டும் வகுப்பில் வாய்மொழியாகவே போய்விடுகின்றன. புதிய கணக்கு கையில் வந்ததும் மாணவர்கள் நிற்பதும் இந்த இரண்டு இடங்களில்தான்.

இங்கே ஒரே ஒரு அமைப்பை எடுத்துக்கொண்டு கடைசிவரை போகலாம். சுவரில் A என்ற புள்ளியில் பின் மூலம் பொருத்தப்பட்ட கிடைமட்ட பீம் AB, நீளம் 4 மீட்டர். A-யிலிருந்து 3 மீட்டரில் C. A-க்கு நேர் மேலே சுவரில் 4 மீட்டர் உயரத்தில் D. C-யையும் D-யையும் ஒரு கேபிள் இணைக்கிறது. பீம் முழுவதும் மீட்டருக்கு 2 கிலோநியூட்டன் பரவிய சுமை. நுனி B-யில் 2 கிலோநியூட்டன் தொங்குகிறது. பீமின் சொந்த எடையை விட்டுவிடலாம்.

## 1. தொடங்கும் முன்: ஸ்லைடை மூடிவிட்டு வரையுங்கள்

தேவையானவை வெற்றுத் தாள், அளவுகோல், இரண்டு நிறப் பேனா. ஒரு நிறம் பொருளுக்கும் அளவுகளுக்கும், மற்றொன்று விசைகளுக்கு மட்டும். நிறம் பிரிப்பது அழகுக்காக அல்ல. பரிமாணக் கோட்டின் அம்பும் விசையின் அம்பும் ஒரே நிறத்தில் இருந்தால், 3 மீட்டர் என்ற அளவுக்கோட்டை விசையாகப் படித்துவிடும் பிழை உண்மையிலேயே நடக்கிறது.

ஸ்லைடின் மேலேயே கோடு போடும் பழக்கம் வேண்டாம். வகுப்பில் அம்புகள் ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒன்றாக வந்திருக்கும். பிடிஎஃப் ஆக மாற்றியதும் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துவிடும். சுவரும் தெரியும், சுவர் தரும் எதிர்விசையும் தெரியும், சில சமயம் விசையும் அதன் கூறுகளும் சேர்ந்தே தெரியும். அதை அப்படியே நகலெடுத்தால் ஒரே விசையை இரண்டு முறை கணக்கில் சேர்ப்பீர்கள்.

## 2. படத்திலிருந்து எண்களை எடுத்து எழுதுதல்

ஃப்ரீ பாடி டயகிராமுக்கு முன்பே ஒரு சிறு பட்டியல் எழுதுங்கள்: ஒவ்வொரு புள்ளியும் A-யிலிருந்து வலப்பக்கம் எவ்வளவு, மேலே எவ்வளவு. நம் அமைப்பில் A (0, 0), C (3, 0), B (4, 0), D (0, 4). திருப்புத்திறன் எழுதும்போது தூரம் தேடி ஸ்லைடுக்கு மறுபடி ஓடவேண்டியதில்லை.

இங்கே மூன்றைப் பார்த்துவிடவேண்டும். அளவு பின்னின் மையத்திலிருந்து தொடங்குகிறதா, சுவரின் முகத்திலிருந்தா? கோணம் கொடுத்திருந்தால் அது கிடைமட்டத்தோடா, செங்குத்தோடா? சுமை கிலோகிராமில் உள்ளதா, நியூட்டனிலா? கிலோகிராமில் இருந்தால் 9.81-ஆல் பெருக்கிய பிறகே அது விசை.

சாய்ந்த கேபிளுக்குக் கோணத்தைக் கணக்கிடவே வேண்டாம். C-யிலிருந்து D-க்குப் போக 3 மீட்டர் இடப்பக்கம், 4 மீட்டர் மேலே, எனவே நீளம் 5 மீட்டர். இழுவிசை T என்றால் கிடைமட்டக் கூறு T-யின் 3/5, செங்குத்துக் கூறு T-யின் 4/5. சைனா கோசைனா என்ற தடுமாற்றம் இதில் எழாது.

## 3. எந்தப் பொருளைப் பிரித்தெடுப்பது

பிரித்தெடுக்கும் பொருளுக்கு இரண்டு தகுதிகள் வேண்டும். தெரிந்த சுமை அதன்மேல் இருக்கவேண்டும், கண்டுபிடிக்கவேண்டிய விசையும் அதன்மேல் இருக்கவேண்டும். பீம் AB இரண்டுக்கும் பொருந்துகிறது. கேபிளைத் தனியே எடுத்தால் அதன்மேல் தெரிந்த சுமை எதுவும் இல்லை. இரு முனையிலும் ஒரே T என்பதற்குமேல் அது எதையும் சொல்லாது.

பீமைச் சுற்றி மூடிய கோடு ஒன்று வரையுங்கள். அது A-யில் பின்னை வெட்டுகிறது, C-க்குச் சற்று மேலே கேபிளை வெட்டுகிறது. கோடு எதை வெட்டுகிறதோ அங்கெல்லாம் விசை உண்டு. வெட்டாத இடத்தில் தொடுகையால் வரும் விசை இருக்கவே முடியாது. கோட்டுக்கு உள்ளே இருக்கும் பொருள்களின் எடை மட்டும் வெட்டாமலே வரும்.

அடுத்து, கோட்டுக்கு வெளியே இருப்பதை எல்லாம் விட்டுவிட்டு பீமை மட்டும் புதிதாக வரையுங்கள். சுவரைக் காட்டும் சாய்கோடுகள் இந்தப் படத்தில் இருக்கக்கூடாது. சுவர் தெரிந்தால் அதன் எதிர்விசையை எழுத மறப்பது எளிது, ஏனென்றால் பீம் ஏற்கெனவே தாங்கப்பட்டிருப்பதுபோல் கண்ணுக்குத் தோன்றும்.

## 4. அம்புகளைப் போடும் வரிசை

முதலில் தெரிந்த சுமைகள். பரவிய சுமை மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், நீளம் 4 மீட்டர், மொத்தம் 8 கிலோநியூட்டன். அது நடுவில், A-யிலிருந்து 2 மீட்டரில், கீழ்நோக்கி. B-யில் 2 கிலோநியூட்டன் கீழ்நோக்கி.

பொருளைப் பிரித்தெடுத்த பிறகே பரவிய சுமையை ஒற்றை விசையாக மாற்றவேண்டும். இந்த வரிசை மாறினால் பின்னாளில் பெரிய பிழை வரும். பீமை நடுவில் வெட்டி இடப்பாதியை மட்டும் ஆராயச் சொன்னால், அந்தப் பாதியில் இருப்பது 4 கிலோநியூட்டன்தான், அது 1 மீட்டரில் செயல்படுகிறது. முன்பே 8 என்று ஒற்றை அம்பாக மாற்றி வைத்திருந்தால், அது சரியாக வெட்டுமிடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு எந்தப் பாதிக்குச் சொந்தம் என்று தெரியாமல் நிற்கும்.

பிறகு தெரியாதவை. A-யில் பின். அது பீமை இடம்வலமாகவும் நகரவிடாது, மேலும் கீழுமாகவும் நகரவிடாது, ஆனால் சுழலவிடும். ஆகவே Ax, Ay என்று இரண்டு விசைகள், திருப்புத்திறன் இல்லை. தடுக்கப்படும் ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு எதிர்விசை என்பதே விதி. ரோலர் ஓர் அசைவை மட்டும் தடுப்பதால் ஒரு விசை. சுவரில் பதித்துவிட்ட முனை மூன்றையும் தடுப்பதால் இரண்டு விசையும் ஒரு திருப்புத்திறனும். இந்த விதி தெரிந்தால் தாங்கிகளின் அட்டவணையை மனப்பாடம் செய்யவேண்டியதில்லை.

C-யில் கேபிள். கேபிள் இழுக்க மட்டுமே முடியும், அதுவும் தன் கோட்டின் வழியே மட்டும். எனவே அம்பு C-யிலிருந்து D-யை நோக்கி, அதாவது பீமை விட்டு விலகி இருக்கவேண்டும். இங்கே ஒரே தெரியாத எண் T. அதன் இரு கூறுகளையும் புள்ளிக்கோட்டால் காட்டலாம். முழு அம்போடு சேர்த்துத் தடித்த கோட்டில் காட்டினால் மூன்று விசையாகிவிடும்.

Ax வலப்பக்கமா இடப்பக்கமா? ஸ்லைடில் அது எப்போதும் சரியான திசையில்தான் வரையப்பட்டிருக்கும், ஏனென்றால் வரைந்தவருக்கு விடை தெரியும். உங்களுக்குத் தெரியவேண்டிய அவசியம் இல்லை. ஒரு திசையை வைத்துக்கொள்ளுங்கள். தவறாக இருந்தால் விடையில் கழித்தல் குறி வரும். வந்த பிறகு படத்தில் அம்பைத் திருப்பாதீர்கள். அம்பையும் திருப்பி, கழித்தல் குறியையும் அடுத்த சமன்பாட்டில் போட்டால் திருத்தம் இரட்டிப்பாகி மறுபடி தவறாகும்.

## 5. சமன்பாடு எழுதும் முன் எண்ணிப்பார்த்தல்

தெரியாதவை Ax, Ay, T என்று மூன்று. ஒரு தளத்தில் உள்ள ஒரு பொருளுக்கு ஒன்றையொன்று சாராத சமன்பாடுகள் மூன்றே. எண்ணிக்கை பொருந்துகிறது, தொடரலாம்.

நான்கு தெரியாதவை வந்தால் முதலில் படத்தைச் சந்தேகியுங்கள். கேபிளின் இரு கூறுகளைத் தனித்தனித் தெரியாத எண்களாக எழுதியதுதான் அடிக்கடி வரும் காரணம். அவை 3:4 என்ற விகிதத்தில் கட்டுண்டவை. இரண்டும் சேர்ந்து ஒன்றுதான்.

## 6. முதல் சமன்பாடு: தெரியாத கோடுகள் சந்திக்கும் இடம்

ஸ்லைடுகளில் பெரும்பாலும் கிடைமட்டம், செங்குத்து, திருப்புத்திறன் என்ற வரிசையில் எழுதியிருப்பார்கள். எழுதுவதற்கு அது ஒழுங்கு, தீர்ப்பதற்கு அல்ல. நம் கணக்கில் கிடைமட்டச் சமன்பாட்டில் Ax, T இரண்டும் வரும். செங்குத்தில் Ay, T இரண்டும் வரும். இரண்டுமே தனியாக நின்று விடை தராது.

ஃப்ரீ பாடி டயகிராமில் தெரியாத ஒவ்வொரு விசையின் கோட்டையும் இரு பக்கமும் மெல்லிய கோடாக நீட்டுங்கள். எங்கே இரண்டு கோடுகள் சந்திக்கின்றனவோ, அந்தப் புள்ளியைப் பற்றித் திருப்புத்திறன் எடுத்தால் அந்த இரண்டும் சமன்பாட்டிலிருந்து விழுந்துவிடும். மிச்சம் ஒன்றே ஒன்று. முதல் சமன்பாட்டைத் தேர்ந்தெடுக்க இதைவிட எளிய வழி கிடையாது.

Ax, Ay இரண்டும் A-யில் சந்திக்கின்றன. கடிகாரத்தின் எதிர்த்திசையை நேர்க்குறியாக வைத்து:

```
ΣM_A = 0:  (4/5)T·3 − 8·2 − 2·4 = 0
           2.4 T = 24
           T = 10 kN
```

T-யின் கிடைமட்டக் கூறு இங்கே வரவில்லை, ஏனென்றால் C-யில் செயல்படும் அந்தக் கூறின் கோடு A வழியாகவே போகிறது. கேபிளின் சாய்வான 5 மீட்டரையோ A-C தூரமான 3 மீட்டரையோ முழு T-யோடு பெருக்குவது தொடக்கத்தில் பலர் செய்யும் பிழை. முழு விசையோடு பெருக்கவேண்டியது அதன் கோட்டுக்கு உள்ள செங்குத்துத் தூரத்தை, அது இங்கே 2.4 மீட்டர். கூறுகளாகப் பிரித்துவிட்டால் அந்தத் தூரத்தைத் தேடவேண்டியதில்லை.

## 7. மீதி இரண்டும் சரிபார்ப்பும்

T தெரிந்தபின் விசைச் சமன்பாடுகள் ஒவ்வொன்றிலும் ஒரே தெரியாத எண். Ax-ஐயும் Ay-யையும் வலப்பக்கமும் மேல்நோக்கியும் வைத்தால்:

```
ΣF_x = 0:  Ax − (3/5)·10 = 0       →  Ax = 6 kN
ΣF_y = 0:  Ay + (4/5)·10 − 8 − 2 = 0  →  Ay = 2 kN
```

இதே கணக்கை முழுக்கத் திருப்புத்திறனாலும் செய்யலாம். Ax-இன் கோடும் T-யின் கோடும் C-யில் சந்திக்கின்றன, அங்கே எடுத்தால் Ay மட்டும் மிஞ்சும். Ay-யின் கோடும் T-யின் கோடும் D-யில் சந்திக்கின்றன, அங்கே Ax மட்டும் மிஞ்சும்.

```
ΣM_C = 0:  −3Ay + 8·1 − 2·1 = 0   →  Ay = 2 kN
ΣM_D = 0:   4Ax − 8·2 − 2·4 = 0   →  Ax = 6 kN
```

D பீமின்மேல் இல்லை என்பதைக் கவனியுங்கள். திருப்புத்திறன் எடுக்கும் புள்ளி பொருளின்மேல் இருக்கவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இந்த வழியின் நன்மை, T-யில் செய்த பிழை மற்ற இரண்டுக்கும் பரவாது. மூன்று புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் இருக்கக்கூடாது என்பது மட்டும் நிபந்தனை. A, C, B என்று பீமின்மேலேயே மூன்றையும் எடுத்தால், மூன்றாவது சமன்பாடு முதல் இரண்டிலிருந்தே வந்துவிடும். Ax எங்குமே தோன்றாது.

சரிபார்ப்புக்கு எந்தச் சமன்பாட்டை எடுக்கிறீர்கள் என்பதிலும் விஷயம் இருக்கிறது. கேபிளின் கூறுகளை மாற்றிப்போட்டு, செங்குத்துக்கு 3/5, கிடைமட்டத்துக்கு 4/5 என்று எழுதிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். T 13.33 என்று வரும். ஆனால் செங்குத்துக் கூறு 13.33-இன் 3/5, அதாவது மறுபடியும் 8. ஆகவே Ay 2 என்று சரியாகவே வரும். C-யைப் பற்றிச் சரிபார்த்தால் எல்லாம் பொருந்தும், பிழை பிடிபடாது. Ax மட்டும் 10.67 ஆகியிருக்கும். D-யைப் பற்றிச் சரிபார்த்தால்தான் 42.67-க்கும் 24-க்கும் உள்ள முரண் வெளியே வரும். எந்த எண்மேல் சந்தேகம் இருக்கிறதோ, அது வரும் சமன்பாட்டால் சரிபார்க்கவேண்டும்.

இன்னொரு வரம்பும் உண்டு. படத்தில் ஒரு சுமையை விட்டிருந்தால் எந்தச் சமன்பாடும் அதைக் காட்டிக்கொடுக்காது. எல்லாச் சமன்பாடுகளும் அதே குறைபட்ட படத்திலிருந்துதானே வருகின்றன. அதற்கு ஸ்லைடின் படத்தை எடுத்து, மூடிய கோடு வெட்டிய இடங்களை மறுபடி எண்ணுவது ஒன்றே வழி.

## 8. கேபிளுக்குப் பதில் எடையுள்ள தண்டு இருந்தால்

அடுத்த ஸ்லைடில் கேபிளை எடுத்துவிட்டு, C-யிலும் D-யிலும் பின் போட்ட தண்டு ஒன்றை வைப்பார்கள். தண்டுக்கு எடை இல்லை என்றால் விடை மாறாது. இரு முனையில் மட்டும் விசை பெறும் உறுப்பு தன் முனைகளை இணைக்கும் கோட்டின் வழியேதான் விசையைக் கடத்தும்.

தண்டின் எடை 2 கிலோநியூட்டன், நடுவில், என்று ஒரு வரி சேர்ந்துவிட்டால் கதை வேறு. இப்போது விசை மூன்று இடங்களில் செயல்படுகிறது. தண்டின் வழியே T என்று எழுதும் உரிமை போய்விட்டது. C-யிலும் D-யிலும் இரண்டிரண்டு கூறுகள் வைக்கவேண்டும். இங்கே பழக்கத்தில் பழைய T-யையே எழுதுவதுதான் எல்லோரும் விழும் குழி.

தெரியாதவை A, C, D மூன்றிலும் சேர்த்து ஆறு. பொருள்கள் இரண்டு, சமன்பாடுகள் ஆறு. ஆனால் ஆறையும் ஒரே நேரத்தில் தீர்க்கவேண்டியதில்லை. முதலில் பீமும் தண்டும் சேர்ந்த முழு அமைப்பை வரையுங்கள். C-யில் உள்ள விசைகள் இதில் வரக்கூடாது. மூடிய கோடு C-யை வெட்டவில்லை, அங்கே பீமும் தண்டும் ஒன்றையொன்று தள்ளுவது உள்விவகாரம்.

முழு அமைப்பில் Ax, Ay, Dx, Dy என்று நான்கு தெரியாதவை, சமன்பாடுகள் மூன்று. பலர் இதோடு கைவிட்டு வேறு படத்துக்குத் தாவுகிறார்கள். கோடுகளை நீட்டிப்பாருங்கள்: D, A-க்கு நேர் மேலே இருப்பதால் Dy-யின் கோடும் A வழியாகவே போகிறது. ஆக A-யில் மூன்று கோடுகள் சந்திக்கின்றன, Dx மட்டும் மிஞ்சுகிறது. தண்டின் எடை சுவரிலிருந்து 1.5 மீட்டரில். Dx-ஐ இடப்பக்கமாக வைத்தால்:

```
ΣM_A = 0 (முழு அமைப்பு):  4Dx − 8·2 − 2·4 − 2·1.5 = 0  →  Dx = 6.75 kN
```

கிடைமட்டச் சமன்பாட்டிலிருந்து Ax 6.75, வலப்பக்கம். அடுத்து தண்டை மட்டும் பிரித்து, C-யைப் பற்றித் திருப்புத்திறன். C-யின் இரு கூறுகளும் விழுந்துவிடும், Dx தெரிந்துவிட்டது, Dy மட்டும் மிச்சம். மேல்நோக்கி வைத்தால்:

```
ΣM_C = 0 (தண்டு):  4·6.75 + 2·1.5 − 3Dy = 0  →  Dy = 10 kN
```

முழு அமைப்பின் செங்குத்துச் சமன்பாட்டில் Ay + 10 = 12, எனவே Ay 2. பீமை மட்டும் எடுத்து C-யைப் பற்றி எழுதினாலும் முன்போலவே 2 வருகிறது. இது முற்றிலும் வேறொரு படத்திலிருந்து வந்த விடை என்பதால் நல்ல சரிபார்ப்பு.

D-யில் உள்ள விசையின் சாய்வு 10-க்கு 6.75, அதாவது 1.48. தண்டின் சாய்வு 4-க்கு 3, அதாவது 1.33. விசை தண்டின் வழியே இல்லை என்பது எண்ணிலேயே தெரிகிறது.

C-யில் உள்ள கூறுகளைக் கேட்டால் பீமின் படத்தில் Cx 6.75 இடப்பக்கம், Cy 8 மேல்நோக்கி. தண்டின் படத்தில் அதே எழுத்துகள், அதே எண்கள், திசை மட்டும் நேரெதிர். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றில் அம்பு போட்டவுடன் மற்றதில் எதிரம்பு போட்டுவிடுங்கள். பிறகு போடலாம் என்று விட்டால், இரண்டிலும் ஒரே திசையில் போட்டுவிடும் வாய்ப்பு அதிகம்.

## 9. எண்ணிக்கை பொருந்தியும் தீராத அமைப்பு

முதல் கணக்கில் D-யை A-யின் மட்டத்துக்கே இறக்கி, கேபிளைப் பீமின் வழியே கிடையாகக் கட்டியதாக வைத்துக்கொள்ளுங்கள். தெரியாதவை மூன்று, சமன்பாடுகள் மூன்று. ஆனால் A-யைப் பற்றி எழுதினால் மூன்று விசைக் கோடுகளும் A வழியே போவதால் தெரியாதது ஒன்றும் மிஞ்சாது. −24 = 0 என்று வந்து நிற்கும்.

இப்படி வந்தால் கூட்டல் கழித்தலைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். பீம் A-யைச் சுற்றி விழுவதைத் தடுக்க அமைப்பில் எதுவும் இல்லை என்பதே அதன் பொருள். தெரியாத விசைகளின் கோடுகள் எல்லாம் ஒரே புள்ளியில் சந்தித்தாலும், எல்லாம் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தாலும் இதுவே நடக்கும். ஆறாம் படியில் நீட்டிய மெல்லிய கோடுகளே இதையும் முன்கூட்டிக் காட்டிவிடும். D-யின் உயரத்தைத் தப்பாகப் படித்ததால் இது வந்ததா என்று ஸ்லைடோடு ஒருமுறை ஒப்பிட்டுவிட்டு, அளவு சரிதான் என்றால் அமைப்பு நிலையற்றது என்று எழுதி முடித்துக்கொள்ளலாம்.